எஃகுத் தூணில் அச்சுச் சுமையும் இரு திசை மொமென்ட்டும்: இன்டராக்‌ஷன் சமன்பாடுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் முழுக்க ஐஎஸ் 800:2007-இன் 9.3 பிரிவை வைத்தே போகிறது. ஒரே ஒரு தூணை எடுத்துக்கொண்டு, எல்லாக் கேள்விகளுக்கும் அதிலிருந்தே எண்களைக் காட்டியிருக்கிறேன். கிநி என்றால் கிலோநியூட்டன், கிநிமீ என்றால் கிலோநியூட்டன் மீட்டர். z என்பது செக்‌ஷனின் பலமான அச்சு, y பலவீனமான அச்சு.

சுமைக்குத் தனியாகப் பார்த்தால் பாதிதான் வருகிறது. இரண்டு மொமென்ட்டும் தனித்தனியே பாஸ் ஆகின்றன. பிறகு எதற்குச் சேர்த்துப் பார்க்க வேண்டும்?

மூன்றும் ஒரே எஃகைத்தான் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒரு ஐ-செக்‌ஷனில் நான்கு ஃபிளேஞ்ச் முனைகள் இருக்கின்றன அல்லவா? அச்சுச் சுமை நான்கையும் ஒரே அளவில் அமுக்குகிறது. Mz வந்தால் ஒரு ஃபிளேஞ்ச் முழுவதும் கூடுதலாக அமுங்கும், எதிர் ஃபிளேஞ்ச் இழுபடும். My வந்தால் இரண்டு ஃபிளேஞ்சிலும் ஒரே பக்கத்து முனைகள் அமுங்கும். இவை மூன்றும் சேர்ந்து அமுக்குகிற முனை ஒன்று கட்டாயம் இருக்கும். தூணின் கதையைத் தீர்மானிப்பது அந்த முனைதான்.

தூணில் இதைவிடப் பெரிய விஷயம் இன்னொன்று இருக்கிறது. மொமென்ட்டால் தூண் லேசாக வளைகிறது. வளைந்த தூணின் மேல் அச்சுச் சுமை நிற்கும்போது, சுமை பெருக்கல் வளைவின் தூரம் என்று ஒரு புது மொமென்ட் பிறக்கிறது. அந்த மொமென்ட் தூணை இன்னும் கொஞ்சம் வளைக்கிறது. தனித்தனியே பார்க்கிற கணக்கில் இது எங்கேயும் வராது. அதனால் மூன்று விகிதங்களையும் வெறுமனே கூட்டினாலும் போதாது. எதை எவ்வளவு பெருக்கிக் கூட்ட வேண்டும் என்பதில்தான் இந்தச் சமன்பாடுகளின் உயிர் இருக்கிறது.

9.3-இல் நிறைய சமன்பாடுகள் இருக்கின்றன. எதை எதற்குப் போடுவது?

மூன்று சோதனைகள். முதலாவது செக்‌ஷன் சோதனை. மொமென்ட் அதிகமாக உள்ள இடத்தில், பெரும்பாலும் தூணின் முனையில், அந்த ஒரு வெட்டுமுகம் தாங்குமா என்று பார்ப்பது. இதில் நீளமே வராது, பக்ளிங்கும் வராது.

அடுத்த இரண்டும் மெம்பர் சோதனைகள். முழுத் தூணையும் எடுத்துக்கொண்டு, பலவீன அச்சைச் சுற்றி வளைந்து போகுமா என்று ஒன்று கேட்கிறது, பலமான அச்சைச் சுற்றி வளைந்து போகுமா என்று மற்றது கேட்கிறது.

```
1) (My/Mndy)^a1 + (Mz/Mndz)^a2 <= 1.0

2) P/Pdy + Ky*Cmy*My/Mdy + KLT*Mz/Mdz <= 1.0

3) P/Pdz + 0.6*Ky*Cmy*My/Mdy + Kz*Cmz*Mz/Mdz <= 1.0

Ky  = 1 + (Ly - 0.2)*ny   <= 1 + 0.8*ny
Kz  = 1 + (Lz - 0.2)*nz   <= 1 + 0.8*nz
KLT = 1 - 0.1*LLT*ny/(CmLT - 0.25)
          >= 1 - 0.1*ny/(CmLT - 0.25)
ny = P/Pdy,  nz = P/Pdz
```

இதில் Ly, Lz, LLT என்று எழுதியிருப்பவை அலகில்லாத ஸ்லெண்டர்னஸ் விகிதங்கள், அதாவது புத்தகத்தில் லாம்டா என்று வருபவை. P அச்சுச் சுமை, Pdy, Pdz அந்தந்த அச்சில் பக்ளிங்கைச் சேர்த்த அச்சுத் திறன்கள், Mdy, Mdz மொமென்ட் திறன்கள். Mndy, Mndz என்பவை அச்சுச் சுமை ஏற்கெனவே தின்றது போக மீதமிருக்கும் மொமென்ட் திறன்கள். Cm பற்றித் தனிக் கேள்வி பின்னால் வருகிறது. Mdz-ஐ மெம்பர் சோதனைகளில் பக்கவாட்டு முறுக்குப் பக்ளிங்கையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

மூன்றையும் போட வேண்டும். "முதல் சோதனை 0.4 வந்தது, போதும்" என்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பது அடுத்த பதிலில் தெரியும்.

ஒரு கணக்கை ஆரம்பம் முதல் கடைசி வரை போட்டுக் காட்ட முடியுமா?

செக்‌ஷன் எச்இபி 200. உயரம் 200 மி.மீ., அகலம் 200, ஃபிளேஞ்ச் 15, வெப் 9. பரப்பு 7,810 சதுர மி.மீ. எஃகின் fy 250 மெகாபாஸ்கல். தூண் 4 மீட்டர், இரண்டு திசையிலும் பிரேசிங் உள்ளதால் பக்கவாட்டில் சாயாது. அடி பின் ஜாயின்ட். பயன்நீளத்தை இரண்டு அச்சுக்கும் 4 மீட்டர் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

சுமைக் காரணி சேர்த்த விசைகள்: P = 500 கிநி, தூணின் தலையில் Mz = 60 கிநிமீ, My = 15 கிநிமீ. அடியில் மொமென்ட் இரண்டும் பூஜ்யம்.

முதலில் செக்‌ஷன் வகை. பாதி ஃபிளேஞ்ச் அகலம் 100-ஐ 15-ஆல் வகுத்தால் 6.7, எல்லையான 9.4-க்குக் கீழே. வெப்பும் தடித்தது. எனவே பிளாஸ்டிக் வகை, பிளாஸ்டிக் மாடுலஸ் Zp-யைப் பயன்படுத்தலாம்.

செக்‌ஷனின் திறன்கள்: நசுங்கு திறன் Nd = 7,810 × 250 / 1.1 = 1,775 கிநி. Mdz = 146 கிநிமீ. Mdy-இல் கொஞ்சம் நிற்க வேண்டும். Zp-யை வைத்துப் போட்டால் 69.5 வரும். ஆனால் எலாஸ்டிக் மாடுலஸ் Ze-ஐ வைத்து வரும் 1.2 Ze fy / 1.1 என்ற உச்சவரம்பு 54.6-இல் நிறுத்திவிடுகிறது. ஐ-செக்‌ஷனின் பலவீன அச்சில் Zp, Ze-ஐப் போல ஒன்றரை மடங்கு இருப்பதால் இந்த வரம்பு அங்கே எப்போதும் குறுக்கே வரும். பல கணக்குத் தாள்களில் இது விடுபட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். எனவே Mdy = 54.6.

இனி பக்ளிங். y அச்சில் 4000 / 50.7 = 78.9, லாம்டா 0.888, வளைகோடு c. அதிலிருந்து Pdy = 1,078 கிநி. z அச்சில் 4000 / 85.4 = 46.8, லாம்டா 0.527, வளைகோடு b. Pdz = 1,548 கிநி. பக்கவாட்டு முறுக்குக்கு, சீரான மொமென்ட் என்று வைத்தால் Mcr = 406 கிநிமீ, லாம்டா 0.629, குறைப்புக் காரணி 0.879. எனவே மெம்பர் சோதனைக்கான Mdz = 128.3 கிநிமீ.

இப்போது சோதனைகள்.

செக்‌ஷன் சோதனை: n = 500 / 1775 = 0.282. Mndz = 1.11 × 146 × (1 − 0.282) = 116.4. Mndy = 1.56 × 54.6 × (1 − 0.282) × (0.282 + 0.6) = 53.9. அடுக்குகள் a1 = 5n = 1.41, a2 = 2.

```
(15/53.9)^1.41 + (60/116.4)^2 = 0.165 + 0.266 = 0.43
```

தாராளமாகப் பாஸ். அடுத்து, பலவீன அச்சு மெம்பர் சோதனை. ny = 0.464. Ky = 1 + 0.688 × 0.464 = 1.319. மொமென்ட் ஒரு முனையில் முழுசு, மறுமுனையில் பூஜ்யம் என்பதால் Cm எல்லாமே 0.6. KLT = 0.917.

```
0.464 + 1.319*0.6*15/54.6 + 0.917*60/128.3
= 0.464 + 0.217 + 0.429 = 1.11
```

தோல்வி. மூன்றாவது: nz = 0.323, Kz = 1.106.

```
0.323 + 0.6*1.319*0.6*15/54.6 + 1.106*0.6*60/128.3
= 0.323 + 0.130 + 0.310 = 0.76
```

ஒரே தூண், ஒரே விசைகள். விடைகள் 0.43, 1.11, 0.76. செக்‌ஷன் சோதனையோடு நிறுத்தியிருந்தால் தூணில் பாதிக்கு மேல் மிச்சமிருப்பதாக நினைத்திருப்போம். தனித்தனியே பார்த்திருந்தாலும் சுமைக்கு 46 சதவீதம், Mz-க்கு 47, My-க்கு 27 என்றுதான் வந்திருக்கும். எதுவும் கண்ணை உறுத்தாது.

மொமென்ட்டைப் போய் 0.6-ஆல் பெருக்குகிறோமே. இருக்கிற மொமென்ட்டைக் குறைத்துக் காட்டுவது சரியா?

இந்தச் சந்தேகம் வருவது நல்லது. இது வராதவர்கள்தான் Cm-ஐ எல்லா இடத்திலும் போட்டுவிடுகிறார்கள்.

தூண் பக்ளிங்கில் வளையும்போது அதிகம் விலகுவது நடுப்பகுதி. கூடுதல் மொமென்ட் பிறப்பதும் அங்கேதான். நம் தூணில் தலையில் 60, அடியில் 0, நடுவில் 30. தலையில் உள்ள 60, தூண் வளைய வசதியில்லாத இடத்தில் இருக்கிறது. ஆக, 4 மீட்டரும் சீராக 60 இருக்கிற தூணோடு ஒப்பிட்டால் நம் தூண் பக்ளிங்குக்கு அவ்வளவு ஆபத்தானது அல்ல. அதே ஆபத்தைத் தருகிற சீரான மொமென்ட் எது என்று கேட்டால் 0.6 × 60 = 36 என்கிறது Cm. கணக்கு 0.6 + 0.4ψ, 0.4-க்குக் கீழே போகக் கூடாது. ψ என்பது சின்ன முனை மொமென்ட்டுக்கும் பெரியதற்கும் உள்ள விகிதம். தூண் ஒரே பக்கமாக வளைந்தால் கூட்டல் குறி, எஸ் வடிவில் வளைந்தால் கழித்தல் குறி.

அப்படியானால் தலையில் உண்மையாகவே இருக்கிற 60-ஐ யார் பார்ப்பது? செக்‌ஷன் சோதனை. அங்கே Cm கிடையாது, முழு 60-உம் போகிறது. இந்த இரண்டும் ஜோடி. Cm சின்னதாக இருந்து, தூணும் குட்டையாக இருந்தால் மெம்பர் சோதனை சுலபமாகப் பாஸ் ஆகி, செக்‌ஷன் சோதனை தோற்கும். அதனால்தான் நம் தூணில் 0.43 வந்தாலும் அந்த வரியைக் கணக்கிலிருந்து எடுக்காதீர்கள் என்று சொல்வேன்.

தூணின் நீளத்துக்கு நடுவே பக்கவாட்டுச் சுமை இருந்தால், உதாரணமாகக் காற்று நேராகத் தூணில் அடித்தால், 0.6 + 0.4ψ பொருந்தாது. அதற்கு அட்டவணை 18-இல் வேறு வரிகள் உள்ளன.

KLT மட்டும் ஏன் ஒன்றுக்குக் குறைவாக வருகிறது? Ky, Kz இரண்டும் ஒன்றுக்கு மேல்தானே?

Ky-யும் Kz-உம் வேலை செய்வது மொமென்ட்டும் பக்ளிங்கும் ஒரே தளத்தில் நடக்கும்போது. y அச்சைச் சுற்றித் தூண் வளைகிறது, My-யும் அதே திசையில் வளைக்கிறது, எனவே ஒன்று மற்றதைப் பெருக்குகிறது. பெருக்கத்தின் அளவு சுமையையும் ஸ்லெண்டர்னஸையும் பொறுத்தது. நம் தூணில் 1.32.

இரண்டாவது சமன்பாட்டில் Mz-இன் நிலைமை வேறு. தூண் போகிற திசை ஒன்று, Mz வளைக்கிற திசை இன்னொன்று. Mz இங்கே செய்கிற கெடுதல், ஒரு ஃபிளேஞ்சை அமுக்கிப் பக்கவாட்டில் முறுக்கித் தள்ளுவது. அந்தத் தளத்தின் பெருக்கம் இங்கே முழுசாக வராது. அதோடு, Mdz-ஐ நாம் சீரான மொமென்ட்டுக்குக் கணக்கிட்டிருக்கிறோம், உண்மையில் மொமென்ட் சரிந்துகொண்டே போகிறது. KLT அதற்கான சலுகையும்கூட.

கையால் போடும்போது KLT = 1 என்று வைத்துவிடலாம், பாதுகாப்பான பக்கம்தான். நம் தூணில் 1.11 என்பது 1.15 ஆகும். இன்னொரு விஷயம்: Mcr-ஐ மொமென்ட் வடிவத்துக்கு ஏற்பச் சுமார் 1.88 மடங்கு ஏற்றிக் கணக்கிட்டுப் பார்த்தேன். Mdz 136.7-க்கு ஏறியது, ஆனால் கூட்டுத்தொகை 1.09-க்குத்தான் இறங்கியது. இங்கே பிரச்சினை முறுக்குப் பக்ளிங்கில் இல்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது.

1.11 வந்துவிட்டது. அடுத்த பெரிய செக்‌ஷனுக்குப் போய்விடலாமா?

போகலாம், ஆனால் முதலில் எந்த உறுப்பு எவ்வளவு தின்கிறது என்று பாருங்கள். இரண்டாவது சமன்பாட்டில் ஒரு கிநிமீ My-யின் விலை 1.319 × 0.6 / 54.6 = 0.0145. ஒரு கிநிமீ Mz-இன் விலை 0.917 / 128.3 = 0.0071. பலவீன அச்சு மொமென்ட் இரண்டு மடங்கு விலை. 1.0-க்குள் வர My 15-இலிருந்து 7.4-க்கு இறங்கினால் போதும்.

அப்போது கேட்க வேண்டிய கேள்வி, அந்த 15 எங்கிருந்து வந்தது என்பதுதான். இதுபோன்ற தூண்களில் பெரும்பாலும் வெப்பில் வந்து மாட்டுகிற சாதாரண பீமிலிருந்து வரும். பீமின் வினைவிசை தூணின் முகத்திலிருந்து 100 மி.மீ. தள்ளி இறங்குவதாக எடுக்கச் சொல்கிறது கோட். அல்லது தாங்குமிடத்தின் மையம், எது அதிகமோ அது. வெப்பின் பாதித் தடிமன் 4.5-ஐச் சேர்த்தால் 104.5 மி.மீ. பீம் 144 கிநி இறக்கினால் 15 கிநிமீ. எதிர்ப்பக்கத்திலும் ஒரு பீம் இருந்து, அதன் நிரந்தரச் சுமையாவது எப்போதும் இருக்கும் என்றால், வித்தியாசத்துக்கு மட்டும் மொமென்ட் போட்டால் போதும். தூண் மேலேயும் தொடர்ந்தால், அந்த மொமென்ட் மேல் தூணுக்கும் கீழ் தூணுக்கும் விறைப்பின் விகிதத்தில் பிரியும். இரண்டில் ஒன்று உண்மையாக இருந்தாலே இந்தத் தூண் பாஸ் ஆகலாம். எஃகு ஒரு கிலோகூடக் கூட்ட வேண்டாம்.

இரண்டாவது வழி, பலவீன திசையில் நடு உயரத்தில் ஒரு பிரேஸ். பயன்நீளம் y அச்சுக்கு 2 மீட்டர் ஆகிறது. Pdy 1,078-இலிருந்து 1,551-க்குத் தாவுகிறது. முறுக்கையும் அதே பிரேஸ் தடுத்தால் லாம்டா 0.376, அதாவது 0.4-க்குக் கீழே, குறைப்பே வேண்டாம், Mdz முழு 146. இங்கே ஒரு பொறி இருக்கிறது. பிரேஸ் வந்ததும் Cm-ஐயும் துண்டுக்குத் துண்டு பார்க்க வேண்டும். மேல் துண்டில் Mz 60-இலிருந்து 30-க்குத்தான் இறங்குகிறது, எனவே ψ = 0.5, CmLT = 0.8. பழைய 0.6-ஐ அப்படியே விட்டுவைப்பது தவறு. Cmy-க்கும் பாதுகாப்பாக 0.8 போட்டேன்:

```
0.322 + 1.079*0.8*15/54.6 + 0.978*60/146
= 0.322 + 0.237 + 0.402 = 0.96
```

பாஸ். உண்மையில் பிரேஸ் போட்ட பிறகு My-யின் வடிவமே மாறும். நடுத் தாங்கியில் எதிர்த் திசையில் கால் பங்கு மொமென்ட் வரும். ψ = −0.25, Cmy = 0.5 ஆகி மொத்தம் 0.87-க்கு இறங்கும். ஆனால் பிரேஸ் இரண்டு ஃபிளேஞ்சையும் பிடிக்கிறதா என்பதை வரைபடத்தில் பாருங்கள். வெப்பின் நடுவில் ஒற்றைப் போல்ட்டில் மாட்டிய ஒரு ஆங்கிள், பக்கவாட்டு விலகலைத் தடுக்கும், ஆனால் முறுக்கையும் தடுக்கும் என்று நம்ப முடியாது. அப்போது Mdz-க்கு 4 மீட்டர்தான்.

மூன்றாவது சமன்பாடு எப்போதும் சின்னதாகவே வருகிறதே, அதை விட்டுவிடலாமா?

பிரேசிங் உள்ள, இரண்டு பக்கமும் ஒரே பயன்நீளம் உள்ள தூணில் அப்படித்தான் வரும். சாயக்கூடிய சட்டகத்தில் கதையே மாறிவிடும்.

அதே தூணை எடுங்கள். z அச்சைச் சுற்றி வளைகிற தளத்தில் மட்டும் பிரேசிங் இல்லை, தூணும் பீமும் விறைப்பாக இணைந்த சட்டகமே பக்கவாட்டு விசையைத் தாங்குகிறது என்று வையுங்கள். அடி பின் என்பதால், மேல் பீம் எவ்வளவு விறைப்பாக இருந்தாலும் பயன்நீளம் இரண்டு மடங்குக்குக் குறையாது. ஆக 8 மீட்டர். லாம்டா 1.054, Pdz 1,548-இலிருந்து 1,000-க்கு விழுகிறது. Kz உச்சவரம்பான 1.4-ஐத் தொடுகிறது. சாய்கிற தூணுக்கு Cmz 0.9 என்று கோட் நிர்ணயிக்கிறது, 0.6 போட முடியாது.

```
0.500 + 0.130 + 1.4*0.9*60/128.3
= 0.500 + 0.130 + 0.589 = 1.22
```

0.76 இருந்த இடத்தில் 1.22. பலவீன அச்சுச் சமன்பாடு 1.11-ஐயே காட்டிக்கொண்டிருக்கும். இப்போது கட்டுப்படுத்துவது மூன்றாவது.

அதில் வருகிற 0.6 Ky பற்றியும் சிலர் கேட்பார்கள். தூண் பலமான அச்சைச் சுற்றிப் போகும்போது, குறுக்குத் திசையில் இருக்கிற My-க்கு முழுப் பெருக்கமும் வேண்டாம் என்பதற்கான குறைப்பு அது, அவ்வளவுதான்.

சாய்கிற சட்டகத்தில் K போட்டுவிட்டேன். பி-டெல்டா அதிலேயே அடங்கிவிடுமா?

அடங்காது. இரண்டு டெல்டா இருக்கின்றன. தூணின் இரண்டு முனைகளுக்கு இடையே தூண் வயிறு தள்ளுவது சின்ன டெல்டா. மாடியே பக்கவாட்டில் நகர்ந்து, தூணின் தலை அடியிலிருந்து விலகி நிற்பது பெரிய டெல்டா. K காரணிகள் பார்ப்பது முதலாவதை. பெரிய டெல்டாவால் வரும் மொமென்ட், சட்டக அலசலில் முனை மொமென்ட்டாகவே வந்துவிட வேண்டும். அதாவது சமன்பாட்டில் போடுகிற 60 அதைச் சேர்த்த 60-ஆக இருக்க வேண்டும். ஒரு மாடித் தூண்களின் மொத்தச் சுமையை அந்த மாடியின் நகர்வால் பெருக்கி, மாடி வெட்டுவிசை பெருக்கல் உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எவ்வளவு பெரிய விஷயம் என்று உடனே தெரிந்துவிடும்.

மென்பொருளில் ஒரு தூண் பாஸ், கையால் போட்டால் ஃபெயில். எங்கே தேடுவது?

முதலில் அச்சுகளைப் பாருங்கள். ஐஎஸ் 800-இல் z பலமான அச்சு, y பலவீனமானது. ஐரோப்பிய அட்டவணைகளில் நேர் எதிர், அங்கே y-தான் பலமானது. எச்இபி செக்‌ஷனின் எண்களை ஐரோப்பிய அட்டவணையிலிருந்து எடுத்து ஐஎஸ் 800 சமன்பாட்டில் எழுத்து மாறாமல் போட்டால் எல்லாமே தலைகீழ். ஏஐஎஸ்சி-இல் x, y. ஸ்டாடில் உள்ளூர் z பலமானது, இடாப்ஸில் 3.

நானே ஒருமுறை இதில் மாட்டிக்கொண்டேன். கட்டடத்தின் ஒரு வரிசைத் தூண்களை மாடலில் 90 டிகிரி திருப்பிவிட்டு, பயன்நீளத்தை மட்டும் பழைய திசையிலேயே விட்டிருந்தேன். பிரேஸ் இருந்தது ஒரு திசையில், கணக்கில் பாதி நீளம் போனது இன்னொரு திசைக்கு. ரேஷியோ அழகாக 0.8 காட்டியது. அறிக்கையில் KL/r எண்ணைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. பலவீன அச்சின் எண் எதிர்பார்த்ததில் சரிபாதியாக இருந்தது. அதிலிருந்து எந்த அறிக்கையைத் திறந்தாலும் கூட்டுத்தொகையைப் பார்ப்பதற்கு முன் இரண்டு KL/r-ஐயும் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. நம் தூணில் அவை 78.9, 46.8 என்று வர வேண்டும். அடுத்தது Mdy, Mdz-ஐவிடச் சிறியதாக இருக்கிறதா என்பது.

அச்சு சரி என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது பயன்நீளமும் பக்கவாட்டுப் பிடிப்பின் நீளமும். அதற்கடுத்து Cm. சில மென்பொருள்களில் Cm-க்கு இயல்பாக ஒரு எண் இருக்கும், நீங்கள் மாற்றாவிட்டால் அதுவே போகும். பெரும்பாலும் வித்தியாசம் இந்த மூன்றில் ஒன்றில் இருக்கும்.

ஏஐஎஸ்சி-இல் ஒரே சமன்பாடுதானே, K எல்லாம் இல்லையே. அதையே போட்டுவிடலாமா?

ஏஐஎஸ்சி 360-இன் எச்1 சமன்பாடு, சுமை விகிதம் 0.2 அல்லது அதற்கு மேல் இருந்தால் இப்படி:

```
Pr/Pc + (8/9)*(Mrx/Mcx + Mry/Mcy) <= 1.0
```

அங்கே பெருக்கம் காணாமல் போகவில்லை. Mrx, Mry இரண்டும் ஏற்கெனவே இரண்டாம் நிலை விளைவுகளைச் சேர்த்த மொமென்ட்டாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கையால் செய்தால் B1, B2 காரணிகளால் பெருக்கிக் கொண்டுவருவார்கள். எனவே இரண்டு கோட்களையும் கலக்கக் கூடாது. B1-ஆல் பெருக்கிய மொமென்ட்டை ஐஎஸ் 800 சமன்பாட்டில் போட்டால் ஒரே விளைவை இரண்டு முறை எண்ணுகிறோம். முதல் நிலை மொமென்ட்டை எச்1-இல் போட்டால் எண்ணவே இல்லை. இரண்டாவது தவறுதான் ஆபத்து.

குறியும் மாறும். ஐஎஸ் 800-இல் Cm = 0.6 + 0.4ψ, ஒரே பக்கம் வளைந்தால் ψ கூட்டல். ஏஐஎஸ்சி-இல் 0.6 − 0.4 (M1/M2), எஸ் வடிவில் வளைந்தால் கூட்டல். பொருள் ஒன்றுதான், ஆனால் ஏஐஎஸ்சி-இன் குறியை ஐஎஸ் 800-இல் போட்டால், சீரான மொமென்ட் உள்ள தூணுக்கு 1.0 வர வேண்டிய இடத்தில் 0.2 வந்து, 0.4 வரம்பில் போய் நிற்கும்.

அதிகபட்ச P, அதிகபட்ச Mz, அதிகபட்ச My மூன்றையும் வெவ்வேறு சுமைச் சேர்க்கையிலிருந்து எடுத்துப் போடலாமா?

அமுக்கத்தில் உள்ள தூணுக்குப் பாதுகாப்பான பக்கம்தான், ஆனால் நடக்கவே நடக்காத ஒரு நிலைக்கு எஃகு வாங்குகிறீர்கள். ஒவ்வொரு சேர்க்கைக்கும் அதன் சொந்த P, Mz, My, அதன் சொந்த ψ என்று போடுவதே சரி. ψ சேர்க்கைக்குச் சேர்க்கை மாறும் என்பதை மறந்துவிட வேண்டாம். நிரந்தரச் சுமையில் எஸ் வடிவில் இருந்த தூண், காற்றோடு சேரும்போது ஒரே பக்கம் வளையலாம். P குறைந்த சேர்க்கை என்று எதையும் தள்ளிவிடக் கூடாது. சுமை குறைந்து மொமென்ட் கூடிய சேர்க்கை கட்டுப்படுத்துவது உண்டு.

என்னிடம் இருப்பது ஐஎஸ்எச்பி 300. இதே கணக்கை அப்படியே போடலாமா?

ஒரு படியில் நின்றுவிட்டுப் போங்கள். அதன் ஃபிளேஞ்ச் 250 மி.மீ. அகலம், 10.6 மி.மீ. தடிமன். பாதி அகலம் 125-ஐ 10.6-ஆல் வகுத்தால் 11.8. 10.5 என்ற எல்லையைத் தாண்டிவிட்டது, 15.7-க்குள் இருக்கிறது. எனவே செமி-காம்பாக்ட். Zp-க்குப் பதில் Ze. Mndy, Mndz, அந்த அடுக்குகள் எதுவும் செக்‌ஷன் சோதனையில் கிடையாது. நேர்கோட்டுக் கூட்டல் மட்டும்:

```
N/Nd + My/Mdy + Mz/Mdz <= 1.0
```

இதன் வித்தியாசம் சின்னதல்ல. நம் எச்இபி 200-இலேயே நேர்கோட்டுக் கூட்டல் 0.282 + 0.275 + 0.411 = 0.97 தருகிறது, அடுக்கு வடிவம் 0.43 தந்தது. மெல்லிய ஃபிளேஞ்ச் உள்ள செக்‌ஷனுக்குத் தவறுதலாக அடுக்கு வடிவத்தைப் போட்டால், முனை நெளிய ஆரம்பிக்கிற தூணைப் பாதிக்கு மேல் மிச்சமிருக்கிறது என்று காட்டிவிடும். மெம்பர் சோதனைகள் இரண்டும் அதே வடிவம்தான், Mdy, Mdz மட்டும் Ze-யிலிருந்து வரும்.